ஈரல் வறுவல், மீன் எண்ணெய், முடி மாத்திரை: மூன்றிலும் ஒளிந்திருக்கும் வைட்டமின் ஏ

கேள்வி: எனக்கு வயது 31. பெரம்பூரில் இருக்கிறோம். முதல் கர்ப்பம், இப்போது ஒன்பதாவது வாரம். ஹீமோகுளோபின் 10.2 என்று வந்ததிலிருந்து மாமியார் வாரத்துக்கு இரண்டு முறை ஆட்டு ஈரல் வறுத்துத் தருகிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த மல்டிவைட்டமின் ஒன்று போடுகிறேன். முடி கொட்டுவதற்காக மூன்று மாதமாகப் போட்டுவந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. துபாயில் இருக்கும் அக்கா காட் லிவர் ஆயில் அனுப்பினார். குழந்தையின் மூளைக்கு நல்லது என்று தினமும் ஒரு டீஸ்பூன் குடித்தேன். ஈரலும் எண்ணெயும் மூன்று வாரமாக. போன வாரம் ஆபீஸில் ஒரு தோழி, வைட்டமின் ஏ அதிகமானால் குழந்தைக்கு ஊனம் வரும் என்றாள். பயந்துபோய் நான்கு நாட்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன், கேரட், முருங்கைக்கீரை உட்பட. சத்து மாத்திரைதானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடாதா? இரத்தத்தில் வைட்டமின் ஏ பார்த்தால் தெரியுமா? இந்தக் கர்ப்பத்தைத் தொடரலாமா? மாமியாரிடம் என்ன சொல்வது? மூன்று அட்டைகளின் படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கர்ப்பத்தைத் தொடருங்கள். நீங்கள் எழுதியதில் கலைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படிக்க முடியாது.

அடுத்தது, இன்று இரவே டாக்டர் எழுதிய அந்த மல்டிவைட்டமினைத் திரும்ப ஆரம்பியுங்கள். பயத்தில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தியதில் ஃபோலிக் அமிலமும் நின்றுபோயிருக்கிறது. முதல் 12 வாரங்களுக்கு அது வேண்டும். முடி மாத்திரையும் காட் லிவர் ஆயிலும் ஈரலும் நிறுத்தியபடியே இருக்கட்டும். கேரட்டும் முருங்கைக்கீரையும் நாளைக்கே தட்டுக்கு வரலாம். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒரே பெயரில் இரண்டு பொருள்கள்

வைட்டமின் ஏ என்று நாம் சொல்வது இரண்டு விதமாக உடம்புக்குள் வருகிறது. கேரட், பூசணி, மாம்பழம், கீரைகளில் இருப்பது பீட்டா கரோட்டின். அது வைட்டமின் ஏ-வாக மாறக்கூடிய மூலப்பொருள். குடலும் ஈரலும் அதைத் தேவைக்கு ஏற்பத்தான் மாற்றிக்கொள்கின்றன. தினமும் கேரட் ஜூஸ் குடித்தால் உள்ளங்கை மஞ்சளாகலாம், குழந்தைக்கு அதனால் ஊனம் வருவதில்லை. அதனால்தான் கீரையை விட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

இன்னொன்று ரெட்டினால். ஏற்கெனவே முழுதாக உருவான வைட்டமின் ஏ இது. ஈரலில், மீன் ஈரல் எண்ணெயில், கொஞ்சமாக முட்டையிலும் பாலிலும் இருக்கிறது. மாத்திரைகளில் ரெட்டினைல் பால்மிடேட் அல்லது ரெட்டினைல் அசிடேட் என்ற பெயரில் வரும். இதற்கு அந்தத் தடுப்பு வேலை கிடையாது. சாப்பிட்டதில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் சிறுநீரில் போகாது, ஈரலில் சேமிக்கப்படும். சிறுநீரில் வெளியேறும் என்று நீங்கள் கேள்விப்பட்டது பி, சி வைட்டமின்களுக்கு ஓரளவு பொருந்தும். ஏ-வுக்கும் டி-க்கும் பொருந்தாது.

ரெட்டினால் உடம்பில் ரெட்டினாயிக் அமிலமாக மாறுகிறது. கருவில் எந்த செல் எங்கே போய் எந்த உறுப்பாக வேண்டும் என்பதற்குக் கட்டளை கொடுக்கும் பொருள்களில் இதுவும் ஒன்று. முகம், காது, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவற்றை உருவாக்கும் செல்கள் இடம்பெயரும் நாட்களில் இந்தக் கட்டளை அளவுக்கு மீறி வந்தால் அவை தடம் மாறுகின்றன. பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை இதே குடும்பம்தான். அது 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த சில காலத்துக்குள்ளேயே காது, முகம், இதயம், மூளைக் குறைபாடுகளுடன் குழந்தைகள் பிறந்தது பதிவானது. அந்த மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது கருத்தரிக்கவே கூடாது என்று இன்று விதி இருப்பது அதனால்தான்.

நீங்கள் எடுத்தது மருந்தல்ல, வைட்டமின். வீரியமும் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் வேலை செய்யும் வழி அதே வழிதான். அதனால் அளவைக் கணக்குப் பார்க்காமல் விட முடியாது.

உங்கள் மூன்று அட்டைகளின் கணக்கு

அட்டைகளில் இரண்டு அலகுகள் கலந்து கிடக்கும். சிலவற்றில் ஐ.யூ., சிலவற்றில் மைக்ரோகிராம். ரெட்டினாலைப் பொறுத்தவரை 10,000 ஐ.யூ. என்றால் 3,000 மைக்ரோகிராம். ஐ.யூ. எண்ணில் பத்தில் மூன்று பங்கு எடுத்தால் மைக்ரோகிராம் கிடைத்துவிடும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 900 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ போதும். தாண்டக் கூடாத மேல் எல்லை 3,000. இந்த 3,000 ரெட்டினாலுக்கு மட்டும்தான், கீரைக்கும் கேரட்டுக்கும் அல்ல.

டாக்டர் எழுதிய மல்டிவைட்டமினில் 2,500 ஐ.யூ., அதாவது 750 மைக்ரோகிராம். முடி மாத்திரையில் 5,000 ஐ.யூ., அதாவது 1,500. எண்ணெய் ஒரு டீஸ்பூனில் 4,000 ஐ.யூ., அதாவது 1,200. மூன்றையும் கூட்டினால் 3,450 மைக்ரோகிராம், 11,500 ஐ.யூ. ஈரலைத் தொடாமலே எல்லையைத் தாண்டியாயிற்று. கவனியுங்கள், தனித்தனியாக எடுத்தால் மூன்றில் ஒன்றுகூட எல்லையைத் தாண்டவில்லை. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு நடப்பது இதுதான். ஒவ்வொரு பாட்டிலும் தன்னளவில் ஒழுங்கானது, வாங்கித் தருபவர்கள் வேறு வேறு ஆட்கள், கூட்டிப் பார்க்க ஒருவரும் இருப்பதில்லை.

இப்போது ஈரல். சமைத்த செம்மறி ஆட்டு ஈரலில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7,400 மைக்ரோகிராம் ரெட்டினால் இருப்பதாக உணவு அட்டவணைகள் சொல்கின்றன. கோழி ஈரலில் சுமார் 4,000. ஆட்டின் வயது, தின்ற தீவனம் இவற்றைப் பொறுத்து இது நிறையவே மாறும். உங்கள் தட்டுக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வேளையிலேயே ஐயாயிரத்து ஐநூறு மைக்ரோகிராம். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் நாள் சராசரி ஏறத்தாழ 1,600. மாத்திரையோடும் எண்ணெயோடும் சேர்த்தால் அந்த மூன்று வாரங்களும் தினமும் 5,000 மைக்ரோகிராமைத் தொட்டிருப்பீர்கள், சுமார் 16,800 ஐ.யூ.

இந்த அளவுக்கு எவ்வளவு பயப்படலாம்?

உங்கள் தோழி சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் 22,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. மாத்திரைகள் வழியாக மட்டும் தினமும் 10,000 ஐ.யூ.-வுக்கு மேல் எடுத்தவர்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 57 பேரில் ஒருவருக்கு அந்த மாத்திரையால் குறைபாடு வந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்கு முன்பே எடுத்தவர்களிடம் அது அதிகமாகத் தெரிந்தது. நம் மேல் எல்லைக்கு வலு சேர்த்த ஆய்வு அது.

அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1999இல் ஐரோப்பாவிலிருந்து வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் முதல் ஒன்பது வாரங்களில் 10,000 ஐ.யூ. அல்லது அதற்கு மேல் எடுத்த பெண்களுக்குப் பிறந்த முந்நூற்றுச் சொச்சம் குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேரின் தாய்மார்கள் எடுத்த அளவு 50,000 ஐ.யூ. அல்லது அதற்கும் மேல். குறைபாடு வழக்கத்தைவிடக் கூடியதாகத் தெரியவில்லை. குழந்தைகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் ஆபத்தே இல்லை என்று அதை வைத்து யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து நான் உங்களுக்குச் சொல்வது இது. நீங்கள் எல்லையைத் தாண்டியது உண்மை. எல்லை என்பது பாதுகாப்புக்காக வைத்த கோடு, அதைத் தாண்டிய அன்றே குழந்தை பாதிக்கப்பட்டுவிடும் என்று பொருளல்ல. எந்த மாத்திரையும் போடாத பெண்களுக்கும் நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பெரிய குறைபாடு ஏதாவது இருக்கத்தான் செய்கிறது. உங்களுக்கு அதோடு சிறிதளவு கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம். நல்ல வாய்ப்பு முழுக்க உங்கள் பக்கம்தான் இருக்கிறது. நிறுத்தியதும் வீண் அல்ல. கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால் பத்தாவது வாரம் வரை முகமும் இதயமும் உருவாகிக்கொண்டிருக்கும் காலம்தான்.

இரத்தத்தில் ரெட்டினால் அளவைப் பார்க்கச் செலவழிக்க வேண்டாம். ஈரல் அதை ஒரே மட்டத்தில் வைத்திருக்கப் பார்க்கும். சேமிப்பு நிரம்பி வழிந்தாலும் ரிப்போர்ட் சரியாகவே வரலாம், அதை நம்பி மறுபடி ஆரம்பித்துவிடுவோம். மாதக்கணக்கில் மிகையாக எடுத்தவர்களுக்கு ஓயாத தலைவலி, உதடு வெடிப்பு, தோல் வறட்சி, எலும்பு வலி, முடி கொட்டுதல் என்று உடம்பே காட்டிக்கொடுக்கும். ஆம், முடி கொட்டுவதும்தான். முடிக்காகப் போடும் மாத்திரையில் ரெட்டினால் மிகையானால் அதுவே முடியைக் கொட்டவைக்கும்.

பார்க்க வேண்டியது ஸ்கேனில். அடுத்த முறை போகும்போது மூன்று அட்டைகளையும் எடுத்துப் போய், எந்த வாரத்திலிருந்து எந்த வாரம் வரை எதை எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உங்கள் டாக்டரிடம் கொடுங்கள். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேன் எல்லோருக்கும் உண்டு, உங்களுக்கும் அதுவே. 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் அனாமலி ஸ்கேனுக்கு எழுதித் தரும்போது 'முதல் மூன்று மாதத்தில் வைட்டமின் ஏ மிகை' என்று சீட்டில் குறிப்பிடச் சொல்லுங்கள். ஸ்கேன் பார்ப்பவர் முகம், உதடு, மூளை, இதயத்திலிருந்து புறப்படும் குழாய்கள் இவற்றில் கூடுதல் நேரம் செலவிடுவார். தேவைப்பட்டால் குழந்தையின் இதயத்துக்கு மட்டும் தனியாக எக்கோ எடுக்கலாம். காது மடலின் சிறிய மாற்றம் போன்றவை ஸ்கேனில் தப்பிப் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முடி மாத்திரை பற்றி இன்னொன்று. நீங்கள் அனுப்பிய படத்தில் பயோட்டின் 10 மில்லிகிராம் என்று இருக்கிறது. இந்த அளவு பயோட்டின் சில லேப் முறைகளில் தைராய்டு ரிப்போர்ட்டைப் புரட்டிவிடும், டி.எஸ்.எச். இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் தைராய்டு பார்த்திருந்தால் டாக்டரிடம் சொல்லி மறுபடி பாருங்கள். நீங்கள் நிறுத்தி நான்கு நாள் ஆகிவிட்டதால் இப்போது எடுத்தால் சரியாக வரும்.

முகத்துக்கு ரெட்டினால் சீரம், ட்ரெட்டினாயின், அடாபலீன் க்ரீம் ஏதாவது தடவுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தடவினால் அதையும் ஓரமாக வையுங்கள். தோல் வழியாக உள்ளே போவது மிகக் குறைவுதான், இருந்தாலும் இந்த மாதங்களில் அது தேவையில்லை.

கர்ப்ப கால மல்டிவைட்டமினை எப்படிப் பார்த்து வாங்குவது

முன்பக்கத்தில் தாயும் சேயும் சிரிக்கும் படம் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்புங்கள். முதலில் வைட்டமின் ஏ வரியைத் தேடுங்கள். அது இல்லவே இல்லை என்றாலோ, பீட்டா கரோட்டின் என்று இருந்தாலோ நிம்மதி. ரெட்டினைல் என்றோ வெறும் வைட்டமின் ஏ என்றோ இருந்தால் அதை ரெட்டினாலாகவே கணக்கில் எடுங்கள். 800 மைக்ரோகிராமுக்குள், அதாவது ஏறக்குறைய 2,700 ஐ.யூ.-வுக்குள் இருந்தால் பரவாயில்லை. பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க ஐ.நா. அமைப்புகள் வகுத்த 15 சத்துகள் கொண்ட மாத்திரையிலும் அதே 800தான் இருக்கிறது. உங்கள் டாக்டர் எழுதியதில் 750 என்பதால்தான் அதைத் தொடரச் சொன்னேன். மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சில மல்டிவைட்டமின்களில் ஒரே மாத்திரையில் 10,000 ஐ.யூ. வரை உண்டு. அவை கர்ப்பிணிக்கானவை அல்ல.

அப்புறம் ஃபோலிக் அமிலம் குறைந்தது 400 மைக்ரோகிராம், அயோடின் சுமார் 150, பி12, வைட்டமின் டி இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு இருந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஃபோலிக் அமிலம் இதைவிடப் பல மடங்கு வேண்டும், அதை டாக்டர் தனி மாத்திரையாகத்தான் எழுதுவார். அதிகம் வேண்டும் என்று மல்டிவைட்டமினையே இரண்டாகப் போடக் கூடாது. ஃபோலிக் இரண்டு மடங்காகும்போது ரெட்டினாலும் இரண்டு மடங்காகும்.

கால்சியம் இதில் அதிகம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். நான்காவது மாதத்திலிருந்து அதைத் தனியாகத் தருவார்கள். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது.

கர்ப்பிணிகளுக்கான சத்து பவுடரைப் பாலில் கலந்து குடித்தால் அதன் டப்பாவிலும் இதே வரியைப் பாருங்கள். அதில் இருப்பதும் பெரும்பாலும் ரெட்டினால்தான். செறிவூட்டிய பாலிலும் சமையல் எண்ணெயிலும் கொஞ்சம் சேர்க்கிறார்கள். ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தினாலும் சில நூறு மைக்ரோகிராம்தான், அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்திருந்தால் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் வரும். அதையும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் குடியுங்கள், இரும்பும் இரண்டு மூன்று இடத்திலிருந்து சேர்ந்தால் வாந்தியும் மலச்சிக்கலும் கூடும்.

மூளை வளர்ச்சிக்கு மீன் எண்ணெய் வேண்டும் என்றால் அது மீனின் சதையிலிருந்து எடுத்ததாக, டி.எச்.ஏ. என்று அளவு எழுதியதாக இருக்கட்டும். மீன் ஈரல் எண்ணெய் வேறு. பாட்டிலில் 'லிவர்' என்ற சொல் இருந்தாலே கர்ப்ப காலத்தில் வேண்டாம். மத்தி, நெத்திலி வாரத்துக்கு இரண்டு நாள் சாப்பிட்டால் எண்ணெயே தேவைப்படாது.

மாமியாரிடம் சொல்ல

அவர் தப்பு செய்யவில்லை. 10.2 என்பது இரத்தசோகைதான், கர்ப்பத்தின் ஆரம்பத்தில் 11-க்குக் கீழே போகக் கூடாது. அதைக் கண்டு அடுப்பைப் பற்றவைத்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் 75 கிராம் ஈரலில் கிடைக்கும் இரும்பு ஐந்தாறு மில்லிகிராம். அரசு தரும் ஒரு இரும்பு மாத்திரையில் 60. இறைச்சியின் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும், உங்கள் குறையை ஈரல் தீர்க்காது. இரும்பு மாத்திரை எவ்வளவு, எப்போது ஆரம்பிப்பது என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

அவர் கையால் ஏதாவது சமைத்துத் தர வேண்டும் என்று ஆசைப்பட்டால் சுவரொட்டி வாங்கிவரச் சொல்லுங்கள். அது ஆட்டின் மண்ணீரல். வைட்டமின் ஏ-வைச் சேமிக்கும் வேலை ஈரலுடையது, மண்ணீரலுடையது அல்ல. இரும்போ அதில் ஈரலைவிடப் பல மடங்கு. "அத்தை, ஈரலுக்குப் பதிலா சுவரொட்டி போடச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காங்க" என்று சொன்னால் அவருக்கும் மனம் கோணாது. ஒரே ஒரு நிபந்தனை, நெருப்பில் லேசாக வாட்டி அரைவேக்காட்டில் தரும் பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது கூடாது. உள்ளே சிவப்பே தெரியாதபடி நன்றாக வேகட்டும், மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம்.

அக்கா அனுப்பிய பாட்டிலைப் பிரசவத்துக்குப் பிறகு குடிக்கலாம் என்று எடுத்து வைக்காதீர்கள். பால் கொடுக்கும் மாதங்களிலும் ரெட்டினாலுக்கு அதே 3,000தான் எல்லை, அப்போதும் உங்களுக்கு ஒரு மல்டிவைட்டமின் எழுதித் தருவார்கள்.